உட்கார்ந்தால் 96, குளித்துவிட்டு வந்தால் 83: அப்பாவின் நுரையீரலில் என்ன நடக்கிறது?

வாசகர் கடிதம்

டாக்டர், என் அப்பாவுக்கு வயது 61. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவர். சிகரெட்டை விட்டு பத்து வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாக வறட்டு இருமல், இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சி.டி. பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பாகிவிட்டது, 'ஐ.பி.எஃப்.' என்று சொல்லி நின்டெடானிப் எழுதினார். மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். மூச்சு கொஞ்சமும் கூடவில்லை, வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஊர் டாக்டர் கொடுத்த பிரெட்னிசொலோன் 20 மி.கி. ஐந்து வாரமாகப் போகிறது.

ஆக்ஸிமீட்டரில் உட்கார்ந்திருந்தால் 96, குளித்துவிட்டு வந்தால் 83. மெஷின் கோளாறா? ரிப்போர்ட்டில் 87% என்று இருக்கிறதே, நுரையீரல் 87 சதவீதம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? ஆக்ஸிஜன் வைத்தால் பழகிவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது என்று சித்தப்பா தடுக்கிறார். பலூன் ஊதினால் நுரையீரல் விரியுமா? நோயைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாடியில் அவர் வளர்க்கும் கர்ணப் புறாக்கள் நாற்பது இருக்கின்றன. அவற்றோடாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

— பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புறாக்கள், அவைதான் என்னை நிறுத்தின. அதற்கு வருகிறேன். முதலில் மெஷின்.

மெஷின் பொய் சொல்லவில்லை

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. குளித்துவிட்டு வந்த கை சில்லென்று இருக்கும். குளிர்ந்த விரலில் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். அதனால் விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, திரையில் துடிப்பு ஒரே சீராக ஓடும்வரை பொறுத்து, பிறகு படியுங்கள். ஆனால் குளிக்காத ஒரு நேரத்தில், கூடத்திலிருந்து வாசல்வரை நாலு தடவை அவரை நடக்கவைத்துப் பார்த்தாலும் எண் இறங்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இன்னொரு எண் அதைத்தான் சொல்கிறது.

நுரையீரலின் காற்றுப்பையைச் சுற்றி ரத்த நுண்குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகவேண்டும். ஒரு சிவப்பணு அந்தக் குழாய் வழியாகக் கடந்துபோக, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சுமார் முக்கால் விநாடி ஆகிறது. ஆரோக்கியமான நுரையீரலில் அதில் முதல் கால் விநாடியிலேயே ஆக்ஸிஜன் ஏறி முடிந்துவிடும். மீதி அரை விநாடி கையிருப்பு.

டவுன் பஸ் ஒன்று நிறுத்தத்தில் மூன்று நிமிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிற கூட்டம் ஒரே நிமிடத்தில் ஏறிவிடுகிறது. பஸ் அவசரமாக ஒரு நிமிடத்தில் கிளம்பினாலும் யாரும் விடுபட மாட்டார்கள். நாம் வேகமாக நடக்கும்போது நடப்பது இதுதான். இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் வேகமாக ஓடுகிறது, சிவப்பணு நுரையீரலில் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இருந்தும் ஆக்ஸிஜன் குறைவதில்லை.

உங்கள் அப்பாவின் நுரையீரலில் அந்தப் பஸ்ஸின் வாசல் குறுகிவிட்டது. காற்றுப்பையின் சுவருக்குள் கொலாஜன் நார் படிந்து படிந்து தடித்திருக்கிறது. பல நுண்குழாய்கள் தழும்புக்குள் அழிந்தும் போயின. மிச்சம் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் மொத்த ரத்தமும் ஓடியாக வேண்டும், அதனால் அவற்றில் ஓட்டம் இன்னும் வேகம். உட்கார்ந்திருக்கும்போது முக்கால் விநாடியை முழுசாகச் செலவழித்து எப்படியோ ஏற்றிவிடுகிறது. நடந்ததும் அந்தக் கையிருப்பு நேரம் போய்விடுகிறது. பாதி ஏறாமலே பஸ் கிளம்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, நடக்கும்போது தசைகள் ஆக்ஸிஜனை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதால், நுரையீரலுக்குத் திரும்பிவரும் ரத்தமே வழக்கத்தைவிடக் காலியாக வருகிறது.

96 என்ற எண்ணிலும் ஒரு வஞ்சகம் உண்டு. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம் 95 என்று இருந்தால் ஆக்ஸிமீட்டர் 97 காட்டும். அழுத்தம் 80-க்கு இறங்கினாலும் 95 காட்டும். மேல்படிகளில் எவ்வளவு இழந்தாலும் எண் அசைந்துகொடுக்காது. அழுத்தம் 60-ஐத் தொடும்போது எண் 90-க்கு வரும். அதற்குக் கீழே சறுக்குமரம்தான். 83 என்றால் அழுத்தம் 50-க்குப் பக்கத்தில் என்று பொருள். அதோடு, நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவிகள் சில புள்ளிகள் கூட்டியே காட்டக்கூடும். ஆகவே 83-ஐ நம்புங்கள். 96-ஐப் பார்த்துத்தான் நிம்மதி அடைய வேண்டாம்.

அந்த 87 எதன் சதவீதம்?

உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று வரிகளுக்கு அடியில் கோடு போட்டுப் பாருங்கள். எஃப்.வி.சி. 2.05 லிட்டர், இருக்கவேண்டியதில் 62 சதவீதம். எஃப்.இ.வி.1 1.78 லிட்டர். டி.எல்.சி.ஓ. 36 சதவீதம்.

எஃப்.வி.சி. என்பது முழு மூச்சை இழுத்து முழுசாக ஊதினால் வெளிவரும் காற்று. எஃப்.இ.வி.1 அதில் முதல் விநாடியில் வருவது. 1.78-ஐ 2.05-ஆல் வகுத்தால் கிடைக்கிறதே, அதுதான் உங்கள் 87. ஊதிய காற்றில் 87 பங்கு முதல் விநாடியிலேயே வெளியே வந்துவிட்டது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. ஆஸ்துமாவிலும் புகைபிடிப்பவர்களின் சி.ஓ.பி.டி.யிலும் குழாய் அடைத்திருப்பதால் இந்த எண் 70-க்குக் கீழே போகும். தழும்பு நுரையீரலில் அது நேர்மாறாகக் கூடித்தான் இருக்கும். விறைத்த நுரையீரல், இழுத்துவிட்ட புது ரப்பரைப் போலச் சட்டென்று சுருங்குகிறது. சுற்றியுள்ள தழும்பு குழாய்களை இழுத்துத் திறந்தே வைத்திருக்கிறது. காற்று வேகமாக வருகிறது, ஆனால் வருவதற்குக் காற்றே குறைவு. உங்கள் ஊர் மருந்துக்கடையில் கேட்டு இன்ஹேலர் வாங்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. அடைக்காத குழாயை இன்ஹேலர் எதற்குத் திறக்கவேண்டும்?

நுரையீரல் விறைப்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரண நுரையீரலை ஒரு சென்டிமீட்டர் நீரளவு அழுத்தத்தில் இழுத்தால் சுமார் 200 மில்லி காற்று உள்ளே வரும். ஒரு சாதாரண மூச்சு 500 மில்லி, ஆக இரண்டரை சென்டிமீட்டர் இழுப்பு போதும். கஞ்சி போட்ட வேட்டிபோல விறைத்த நுரையீரலில் அதே ஒரு சென்டிமீட்டருக்கு 50 மில்லிதான் வருகிறது என்றால், அதே 500 மில்லிக்குப் பத்து சென்டிமீட்டர் இழுக்கவேண்டும். நாலு மடங்கு பாரம். உடம்பு புத்திசாலி. ஆழமாக இழுப்பதை விட்டுவிட்டு, 300 மில்லி அளவில் மேலோட்டமாக, வேக வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கிறது.

அங்கேதான் நஷ்டம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிடும், காற்றுப்பைக்குப் போகாது. 500 மில்லி மூச்சில் 350 உருப்படியாகச் சேரும். நிமிடத்துக்கு 15 மூச்சு விட்டால் 5.25 லிட்டர். 300 மில்லி மூச்சில் 150 மட்டுமே சேரும், அதே 5.25 லிட்டருக்கு 35 மூச்சு வேண்டும். இவை விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட அளவுகள், உங்கள் அப்பாவுடைய அளவுகள் அல்ல. ஆனால் மாடி ஏறிவந்தவரின் தோளும் கழுத்துத் தசையும் ஏன் அப்படித் துடிக்கின்றன, ஏன் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்குகிறார் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது எண், டி.எல்.சி.ஓ. 36. கொஞ்சூண்டு கார்பன் மோனாக்ஸைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து விநாடி அடக்கச் சொன்னார்கள் அல்லவா, அந்தச் சோதனை. காற்றுப்பையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்பதை அளக்கிறது. நான் முதலில் சொன்ன வாசலின் அகலம் இதுதான். கொள்ளளவு 62 இருக்க, கடத்தும் திறன் 36 மட்டும். 83 எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒன்று மட்டும் சரிபார்க்கவேண்டும். ரத்தசோகை இருந்தாலும் இந்த எண் குறையும், ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் குறிப்பிடப்படவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அந்த டாக்டரிடம் காட்டுங்கள்.

பலூனைப் பற்றிக் கேட்டீர்கள். முழங்கையில் தீக்காயம் ஆறிய தோலைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு இழுத்தாலும் அது பழைய தோலாகாது. பலூனும், மூன்று பந்து மேலே எழும்பும் அந்தக் கருவியும் தழும்பை இளக்காது. பலூனை மூச்சடக்கி ஊதுவது இருமலைக் கிளப்பும், சில சமயம் நுரையீரலில் ஓட்டை விழக்கூடக் காரணமாகலாம். பலன் தருவது கால்களுக்கான பயிற்சி. ஆக்ஸிஜன் துணையோடு, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, வாரத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கவைத்தால், நுரையீரல் அப்படியே இருந்தாலும் தசைகள் குறைந்த ஆக்ஸிஜனில் வேலை செய்யப் பழகும்.

புறாக்கள்

'ஐ.பி.எஃப்.' என்ற பெயரின் முதல் எழுத்துக்குக் 'காரணம் தெரியாதது' என்று பொருள். காரணம் தேடிப் பார்த்துக் கிடைக்காதபோதுதான் அந்தப் பெயர் வைக்கவேண்டும். உங்கள் டாக்டரின் குறிப்பில் புகைப்பழக்கம் இருக்கிறது, வேலை இருக்கிறது, புறா இல்லை. அவர் கேட்கவில்லையா, நீங்கள் சொல்லவில்லையா தெரியாது. பெரும்பாலும் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அது உங்களுக்கு நோயோடு சம்பந்தப்பட்டதாகவே தோன்றியிருக்காது.

புறாவின் எச்சத்திலும், இறகை உதறும்போது பறக்கும் அந்த வெள்ளைப் பொடியிலும் சில புரதங்கள் உண்டு. வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரல் அதை எதிரியாக எண்ணிப் போராட ஆரம்பிக்கும். முதலில் அழற்சி, அழற்சி ஆறாமலே நீடித்தால் தழும்பு. ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்கிறோம். புறா வளர்க்கிற எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கூட நம்பாத அளவுக்கு மெதுவாக வரும். இந்தியாவில் 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017-ல் வெளியான பதிவேட்டில், இவ்வகை நுரையீரல் நோய்களில் கிட்டத்தட்ட பாதி, 47 சதவீதம், இந்த ஒவ்வாமை வகை. ஐ.பி.எஃப். 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பறவைகள் ஒரு காரணம், ஏர்கூலரின் ஈரப் பூஞ்சை இன்னொன்று. உங்கள் வீட்டில் ஏர்கூலர் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு நோயும் முற்றும்போது சி.டி.யில் ஒரே மாதிரி தோன்றும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அடிப்பகுதியில் 'தேன்கூடு' போன்ற குழிகள் என்று இருக்கிறது. ஐ.பி.எஃப்.-இல் அதுதான் அடையாளம், ஆனால் புறாநோயும் முற்றினால் தேன்கூடு கட்டும். வேறுபடுத்த ஒரு வழி, மூச்சை முழுசாக வெளியே விட்ட நிலையிலும் ஒரு சி.டி. எடுப்பது. நுண்ணிய மூச்சுக்குழாய்களும் பாதிக்கப்பட்டிருந்தால், அங்கங்கே காற்று சிக்கிக்கொண்டு கறுப்புத் திட்டாக நிற்கும். அது ஒவ்வாமை வகையைக் காட்டும். தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோப்பி குழாய் வழியாக நுரையீரலின் ஒரு பகுதியைக் கழுவி எடுத்து, அந்த நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பார்கள். மூட்டு வாத நோய்களுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டும். அறுவை செய்து துண்டு எடுத்துப் பார்ப்பதை மட்டும் டி.எல்.சி.ஓ. 36-இல் நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்த அதிர்ச்சியே நுரையீரலை ஒரேயடியாகக் கவிழ்த்துவிடக்கூடும்.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊர் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டின் நியாயமே அதில்தான் இருக்கிறது. ஐ.பி.எஃப்.-க்கு ஸ்டீராய்டு நீண்டகாலம் கொடுக்கக்கூடாது. பிரெட்னிசோன், அசாதியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். 2012-ல் அது வெளியானது. அதற்கு முன்பு நாங்கள் எல்லோருமே கைநிறைய எழுதிக்கொண்டிருந்த மருந்துதான், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அழற்சி மிச்சமிருக்கிற ஒவ்வாமை வகையில் ஸ்டீராய்டுக்கு இடம் உண்டு. எந்த நோய் என்று தெரியும்வரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஐந்து வாரம் 20 மி.கி. போன உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழக்கூடும். குறைப்பதானால் படிப்படியாக, டாக்டர் சொல்படி. சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறா வகை என்று உறுதியானால், எந்த மாத்திரையையும்விட முதல் சிகிச்சை புறாக்கள் வீட்டைவிட்டுப் போவது. உறுதியாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றிலிருந்தே அப்பா கூண்டுப் பக்கம் போகக்கூடாது. கூண்டைக் கழுவுவது, எச்சம் சுரண்டுவது இன்னொருவர் வேலை, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு. காய்ந்த எச்சத்தை விளக்குமாற்றால் பெருக்குவதுதான் மோசம். புறாக்கள் போனபிறகும் அந்தப் பொடி துணியிலும் மாடி அறையிலும் மாதக்கணக்கில் தங்கும், அதனால் மாடி அறையை ஒழித்துக் கழுவவேண்டும்.

மூச்சு கூடவில்லையே, மாத்திரை வீணா?

நின்டெடானிப் மூச்சைக் கூட்டுவதற்கு வந்த மருந்தல்ல. ஏற்கெனவே இருக்கும் தழும்பை அது கரைக்காது. புதிதாகத் தழும்பு சேரும் வேகத்தைக் குறைக்கிறது. 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், ஐ.பி.எஃப். உள்ளவர்களில் மருந்தில்லாதவர்களின் எஃப்.வி.சி. வருடத்துக்குச் சுமார் 240 மில்லி குறைந்தது, மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 115. வித்தியாசம் ஒரு சின்ன காபி டம்ளர். உங்கள் அப்பாவிடம் இருப்பதோ இரண்டு லிட்டர் சொச்சம். அதில் வருடத்துக்கு ஒரு டம்ளர் மிச்சம் பிடிப்பதை அவரால் உணரமுடியாது, ஊதுகிற கருவியால்தான் அளக்கமுடியும். மூன்று மாதம் போதாது. ஆறு மாதத்தில் எஃப்.வி.சி.யையும் டி.எல்.சி.ஓ.வையும் அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி எடுங்கள். தழும்பு கூடிக்கொண்டே போகிற ஒவ்வாமை வகையிலும் இந்த மாத்திரை அதே மாதிரி வேகத்தைக் குறைப்பது 2019-ல் ஓர் ஆய்வில் தெரிந்தது. ஆகவே நோயின் பெயர் மாறினாலும் மாத்திரை வீணாகிவிடாது.

வயிற்றுப்போக்கு இந்த மாத்திரையின் கூடப்பிறந்தது. வெறும் வயிற்றில் எடுக்கிறாரா என்று பாருங்கள், சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் லோபெரமைடு உதவும், 150 மி.கி.யை 100 ஆகக் குறைத்துத் தொடரலாம், சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். எதையும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். கல்லீரல் பரிசோதனை ஆரம்ப மாதங்களில் மாதாமாதம் அவசியம். உங்கள் ஃபைலில் ஒன்றுகூட இல்லை.

ஆக்ஸிஜன் பழகிவிடுமா?

உங்கள் சித்தப்பாவின் பயம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. முற்றிய சி.ஓ.பி.டி. நோயாளிகளில் சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் கொடுத்தால் உடம்பில் கரியமிலவாயு தேங்கி மயக்கமாகிவிடும். அது அந்த நோய். தழும்பு நுரையீரலில் கதை வேறு. கரியமிலவாயு, ஆக்ஸிஜனைவிடச் சுமார் இருபது மடங்கு எளிதாக அந்தச் சுவரைக் கடந்துவிடும். தடித்த சுவரும் அதற்குத் தடையில்லை. கடைசிக் கட்டம்வரை அது தேங்குவது அரிது.

அடிமைத்தனமும் இதில் இல்லை. கண்ணாடி போட்டதால் கண் கெட்டது என்று சொல்வார்களே, அந்தப் பேச்சுதான். ஆரம்பித்த பிறகு தேவை கூடுகிறது என்றால், கூடியது நோய். கொடுக்காமல் 83-இல் வைத்திருப்பதால் வரும் கெடுதலோ நிஜம். ஆக்ஸிஜன் குறையும்போதெல்லாம் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், அதில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் வீங்கும். கால் வீக்கம் வந்தால் அதை நினைவில் வையுங்கள், எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

ஓய்விலேயே 88-க்குக் கீழே இருந்தால் ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் ஆக்ஸிஜன் வேண்டும். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. அவருக்கு வேண்டியது நடக்கும்போது, குளிக்கும்போது. எத்தனை லிட்டர் என்பதை ஊகத்தில் வைக்காதீர்கள். ஆறு நிமிட நடைச் சோதனையை முதலில் ஆக்ஸிஜன் இல்லாமல், பிறகு இரண்டு லிட்டரில், போதவில்லை என்றால் மூன்றில் நடத்தி, எந்த அளவில் 90-ஐ ஒட்டி நிற்கிறதோ அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தூக்கத்திலும் ஒரு இரவு பதிவு செய்யவேண்டும்.

வீட்டுக்கு ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் போதும். மின்சாரம் போனால் நின்றுவிடும் என்பதால், கூடவே ஒரு பி டைப் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். பையில் தொங்கவிடும் சின்ன கருவிகளில் பல, மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு விடுபவை. வேக வேகமாக மூச்சு விடுகிற இவருக்கு அது ஈடுகொடுக்குமா என்று நடக்கவைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். குழாய் மாட்டியிருக்கும்போது பூஜை விளக்கு, சாம்பிராணி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிச் செம்பால் ஊற்றுவதுதான் அவருடைய நாளிலேயே கடினமான வேலை. உட்கார்ந்தபடி, வெதுவெதுப்பான நீரை மடியிலிருந்து ஆரம்பித்து ஊற்றட்டும், குழாய் மூக்கில் இருக்கட்டும், துண்டுக்குப் பதில் ஒரு பெரிய டவலைப் போர்த்திக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். இதை மட்டும் செய்து ஒருவாரம் எண்களைக் குறித்துப் பாருங்கள்.

எப்போது ஓடவேண்டும்

இந்த நோய் மெதுவாக நடப்பதுபோல இருந்து, சிலரிடம் சில நாட்களில் தாவிவிடும். ஒரு வாரத்துக்குள் மூச்சிரைப்பு கண்கூடாகக் கூடினால், காய்ச்சல் வந்தால், ஓய்விலேயே 90-க்குக் கீழே போனால், ஊர் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காமல் ஆக்ஸிஜன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளை இப்போதே போட்டுவிடலாம்.

நுரையீரல் மாற்று சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டி.எல்.சி.ஓ. 40-க்குக் கீழே போனவரை அந்த மையத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அனுப்புவது என்றால் உடனே அறுவை என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை அரசின் டிரான்ஸ்டான் அமைப்பு வரிசைப்படி ஒதுக்குகிறது. வயது 61 இன்னும் கதவு சாத்தப்படாத வயது, 65-ஐ நெருங்கினால் பல மையங்கள் யோசிக்கும். செலவும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க எடுக்கவேண்டிய மருந்துகளும் சாதாரணமல்ல. தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லலாம். தெரியாமலே காலம் கடந்துபோகக் கூடாது.

அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருப்பதைப் பற்றி. அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று அவரை விட்டுவைத்திருக்கும் இடம் புறாக்கூண்டு. ஒருவேளை நோய் அங்கிருந்தே வந்துகொண்டிருக்கலாம். சொல்லாமல் கூண்டைக் காலி செய்தால் அவர் உங்களைத்தான் வெறுப்பார், மறுநாளே யாரிடமாவது ஒரு ஜோடி வாங்கிவந்தும் விடுவார். புறா வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் கிளினிக்கில் உட்கார்ந்து, எந்தப் புறா எத்தனை கர்ணம் போடும் என்று அரைமணி நேரம் சொல்லிவிட்டு, கடைசியில், "சரி டாக்டர், என் மச்சானுக்குக் கொடுத்துடறேன், அவன் ஒழுங்கா தீனி போடுவான்" என்று தானே முடிவு செய்தார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அப்பாவை வெளியே உட்காரவைக்காமல் உள்ளே கூட்டிப்போங்கள். சி.டி. படத்தை அவரே பார்க்கட்டும். எத்தனை வருடமாக, எத்தனை புறா, கூண்டைக் கழுவிய அன்று ராத்திரி இருமல் கூடுமா, வெளியூர் போய் நாலுநாள் தங்கினால் மூச்சு லேசாகுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.